எத்தனை மாசம், எவ்வளவு பணம்: இதைக் கேட்டால் ஆர்வம் இல்லை என்று அர்த்தமா?

எங்கள் ஊர் உத்திரமேரூரைப் பற்றிப் பெருமை பேசாத தலைவர்கள் இல்லை. வைகுந்தப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள், கி.பி. 919இலும் 921இலும் வெட்டியவை, இருக்கின்றன. குடவோலை முறையைச் சொல்லும் கல்வெட்டுகள். ஜனநாயகத்தின் தாய்வீடு என்று மேடைக்கு மேடை பேசுகிறார்கள். அந்தக் குடத்தில் யாருடைய பெயரைப் போடலாம் என்ற நிபந்தனையை மட்டும் படிக்க மாட்டார்கள். கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலம் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், வேதம் தெரிந்திருக்க வேண்டும். எங்கள் சேரியிலிருந்து ஒரு ஓலைகூட அந்தக் குடத்துக்குள் போயிருக்க முடியாது.

இன்றைக்கு அந்தக் கல்வெட்டை நான் எடுப்பது வேறு காரணத்துக்காக. அதில் இரண்டு விஷயங்கள் பளிச்சென்று எழுதப்பட்டிருக்கின்றன. வாரியத்தில் இருப்பவர் பதவிக்காலம் 360 நாள். கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினர்களும் மறுபடி குடவோலையில் வரக்கூடாது. நம்மை உள்ளேயே விடாத அந்த பிராமண சபைகூட எத்தனை நாள் என்பதையும் கணக்கு யார் காட்ட வேண்டும் என்பதையும் கல்லில் வெட்டி வைத்தது. ஆயிரத்து நூறு வருஷம் கழித்து, சென்னையில் ஒரு ஆய்வு நிறுவனம் எனக்கு வேலை கொடுக்கிறேன் என்றது. எத்தனை மாசம், மாசம் எவ்வளவு என்று கேட்டேன். அதை ஒரு தாளில் எழுதித்தர அவர்களால் முடியவில்லை.

நான் அந்த வேலையை வேண்டாம் என்று சொன்னேன். அதற்காக எனக்குக் கிடைத்த அறிவுரைகளுக்குப் பதில்தான் இந்தக் கட்டுரை.

நடந்தது இதுதான்

சமூகவியலில் எம்.ஏ. முடித்துவிட்டு உத்திரமேரூர் பக்கம் கிராமங்களில் வேலை பார்க்கிறேன். சம்பளம் 16,000. எனக்கு எம்.ஏ.வில் பாடம் எடுத்த பேராசிரியர் ஒருவர் இப்போது ஒரு ஆய்வுத் திட்டத்துக்குத் தலைமை வகிக்கிறார். நல்ல மனிதர். என் முதுகலை ஆய்வேட்டை வரி வரியாகத் திருத்தியவர். அவர் கூப்பிட்டார். செங்கல்பட்டு, காஞ்சிபுரம் மாவட்டங்களில் பஞ்சமி நிலம் பற்றிய களஆய்வு. ஆய்வு உதவியாளர் பணி. பின்னால் அதிலிருந்தே முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்துகொள்ளலாம் என்றார்.

எனக்கு அதைவிட ஆசையான வேலை வேறு இல்லை. அன்று ராத்திரி தூங்கவில்லை.

மறுவாரம் மின்னஞ்சல் வந்தது. மூன்று வாக்கியம் என்னை நிறுத்தியது. ஊதியம் "விதிகளின்படி 28,000 வரை". காலம் "முதலில் ஆறு மாதம், நீட்டிக்கப்படலாம்". கடைசியில், "நிதி விடுவிக்கப்படுவதைப் பொறுத்தது".

அம்மாவிடம் படித்துக் காட்டினேன். அம்மா நூறு நாள் வேலைக்குப் போகிறவர். கூலி எப்போது வங்கிக்கு வரும் என்று தெரியாமல் மண் வெட்டுவது எப்படி என்பது அவருக்குத் தெரியும். கேட்டுவிட்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "வரைன்னா இன்னாடி? அதுக்குக் கீழயும் குடுப்பாங்கன்னுதான அர்த்தம்?"

எம்.ஏ. படித்த நான் அந்த "வரை"யைக் கவனிக்கவே இல்லை.

பணம் எப்படி வருகிறது

இதை மாணவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். ஏனென்றால் பேராசிரியர்கள் சொல்ல மாட்டார்கள், பல பேருக்கே முழுசாகத் தெரியாது.

ஆய்வுப் பணம் என்று நாம் ஒரே பெயரில் சொல்வது இரண்டு தனித்தனி வகை. ஒன்று, உங்கள் பெயரில் வரும் ஃபெல்லோஷிப். பட்டியல் சாதி மாணவர்களுக்கான தேசிய ஃபெல்லோஷிப் அப்படிப்பட்டது. ராஜீவ் காந்தி பெயரில் தொடங்கியது. ஐந்து வருஷம் என்று காலம் எழுதப்பட்டிருக்கிறது. 2023 ஜனவரியிலிருந்து இளநிலை ஆய்வாளருக்கு 37,000, முதுநிலைக்கு 42,000 என்று தொகையும் எழுதப்பட்டிருக்கிறது. பணம் நேராக உங்கள் கணக்குக்கு வரும். இதிலும் தாமதம் உண்டு, நிறுவனம் மாதாமாதம் இணையத்தில் உறுதி செய்யாவிட்டால் பணம் நிற்கும். ஆனால் "இது எனக்குச் சேர வேண்டியது" என்று காட்ட உங்கள் கையில் ஒரு கடிதம் இருக்கும்.

இன்னொன்று திட்டப் பணி. இங்கே பணம் உங்களுக்கு வருவதில்லை, திட்டத்துக்கு வருகிறது. நிதி தரும் அமைப்பு முதலில் ஒப்புதல் ஆணை போடும். ஒப்புதல் என்பது பணம் இல்லை. அதற்குப் பிறகு முதல் தவணையை விடுவிக்கும். அடுத்த தவணை வேண்டுமென்றால் முதல் தவணைக்குப் பயன்பாட்டுச் சான்றிதழ், செலவுக் கணக்கு, இடைக்கால அறிக்கை எல்லாம் போக வேண்டும். சான்றிதழில் நிறுவனத்தின் நிதி அலுவலர் கையெழுத்துப் போட வேண்டும். அவர் விடுப்பில் போனாலோ, மார்ச் 31இல் நிதியாண்டு முடிந்து மீதிப் பணம் சிக்கினாலோ, வேறொரு செலவுத் தலைப்பில் கணக்கு இடித்தாலோ, அடுத்த தவணை நிற்கும். தவணை நின்றால் முதலில் நிற்பது உதவியாளர் சம்பளம். பேராசிரியரின் சம்பளம் பல்கலைக்கழகத்திலிருந்து வருவது, அது நிற்காது. ஒரே திட்டத்தில் ஒரே மேஜையில் உட்கார்ந்திருக்கும் இரண்டு பேரில் ஒருவருக்கு மட்டும்தான் ஆபத்து.

"நிதி விடுவிக்கப்படுவதைப் பொறுத்தது" என்ற வாக்கியத்தின் பொருள் இதுதான். நிதி தருபவருக்கும் நிறுவனத்துக்கும் இடையில் வரும் தாமதத்தை, அந்தப் பேச்சில் எந்த இடமும் இல்லாத உதவியாளர் தன் வயிற்றில் தாங்க வேண்டும்.

ஒரு நோட்டுத் தாளில் போட்ட கணக்கு

ஆசையை ஓரமாக வைத்துவிட்டுக் கணக்குப் போட்டேன். பத்து மாசத்துக்கு.

இப்போதிருக்கும் வேலையிலேயே இருந்தால் 1,60,000 வரும். வீட்டுக்கு மாசம் 8,000 கொடுக்கிறேன், அது 80,000. என் பஸ், போன், மற்றதுக்கு மாசம் 4,000, அது 40,000. மீதி 40,000. பத்து மாசம் கழிந்தும் வேலை கையில் இருக்கும்.

போனால்? "வரை"யை நம்பி 28,000 முழுசாகவே வரும் என்று வைத்துக்கொள்வோம். ஆறு மாசத்துக்கு 1,68,000. சென்னையில் விடுதி, சாப்பாடு, போக்குவரத்துக்கு மாசம் 13,000 என்றால் ஆறு மாசத்துக்கு 78,000. நீட்டிப்பு வரவில்லை, வேறு வேலை கிடைக்க நாலு மாசம் ஆகிறது என்றால் அந்த நாலு மாசம் ஊரில் என் செலவு 16,000. வீட்டுக்குப் பத்து மாசமும் கொடுத்தாக வேண்டும், அது 80,000. ஆக மொத்தம் 1,74,000. இப்போதே 6,000 துண்டு விழுகிறது.

முதல் சம்பளம் நாலாவது மாசம்தான் வந்தது என்று வையுங்கள். திட்ட வேலையில் இது அதிசயமே இல்லை. முதல் மூன்று மாசத்துக்கு என் செலவும் வீட்டுச் செலவுமாக 63,000 கடன் வாங்க வேண்டும். எங்கள் தெருவில் மூணு வட்டி, அதாவது நூறுக்கு மாசம் மூணு ரூபாய். நாலு மாசத்துக்கு வட்டி மட்டும் 7,560. கடைசியில் 13,560 கடனோடு, வேலையும் இல்லாமல், உத்திரமேரூர் பஸ் நிலையத்தில் வந்து இறங்குவேன்.

இரண்டு வருஷமும் பணம் ஒழுங்காக வந்தால் 6,72,000 வந்திருக்கும், நல்ல வாய்ப்புத்தான். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் இந்த இரண்டு முடிவில் எது நடக்கும் என்று சொல்ல யாரும் தயாராக இல்லை. சொல்லத் தெரியாத ஒன்றின் மேல் என் அம்மாவின் மாத்திரைச் செலவை என்னால் வைக்க முடியாது.

"ஆர்வம் இருந்தா பணம் பாக்க மாட்டாங்க"

இதைச் சொன்னவர் ஒரு நண்பர். சொந்த வீட்டிலிருந்து ஆய்வு செய்தவர். அப்பாவுக்கு ஓய்வூதியம் வருகிறது. ஆர்வம் என்று அவர் சொல்வது, ஆறு மாசம் சம்பளம் வராவிட்டாலும் சாப்பாடு வரும் என்ற உறுதியைத்தான். அது குணம் இல்லை, சொத்து. கால் வேலி நிலமும் சொந்த மனையும் இருந்தால்தான் ஓலை போடலாம் என்ற அதே நிபந்தனை. ஊதியம் நிச்சயமில்லாத ஒவ்வொரு பணியும், எழுதாமலே, சொந்தச் சொத்து உள்ளவர்கள் மட்டும் விண்ணப்பிக்கவும் என்று சொல்கிறது. இட ஒதுக்கீட்டை ஒழிக்க சட்டம் தேவையில்லை. சம்பளத்தை ஆறு மாசம் தாமதித்தால் போதும்.

ரோகித் வெமுலாவை நினைவுநாளில் மட்டும் பேசுகிறோம். அவர் கடைசியாக எழுதிய கடிதத்தில் ஒரு கணக்கு இருக்கிறது. ஏழு மாசத்து ஃபெல்லோஷிப், ஒரு லட்சத்து எழுபத்தைந்தாயிரம் ரூபாய், வர வேண்டியிருக்கிறது, அதைக் குடும்பத்துக்குக் கொடுங்கள் என்று கேட்டார். அதிலிருந்து நண்பர் ஒருவருக்குத் தர வேண்டிய கடனையும் குறித்தார். அந்த மரணத்துக்குப் பின்னால் இருந்த சாதியையும் அதிகாரத்தையும் பேசும்போது இந்த ஏழு மாசத்தை விட்டுவிடக்கூடாது. ஆய்வாளனின் உதவித்தொகை நின்றால் நிற்பது ஆய்வு மட்டுமில்லை.

2025 ஜூலையில் என்ன நடந்தது? வெளிநாட்டில் படிக்கத் தேசிய உதவித்தொகைக்கு 106 பேரைத் தேர்ந்தெடுத்துவிட்டு, முதலில் 40 பேருக்கு மட்டும் தற்காலிக ஆணை கொடுத்தார்கள். மற்றவர்களுக்கு நிதி இருந்தால் பார்க்கலாம் என்றார்கள். பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்து, பட்டியலில் பெயரும் வந்தும் காத்திருந்தவர்கள் நம் பிள்ளைகள். "நிதியைப் பொறுத்தது" என்ற வாக்கியம் தில்லியிலிருந்து என் மின்னஞ்சல் வரை ஒரே மொழியில்தான் வருகிறது.

அம்பேத்கரும் பாதியில் திரும்பினார்

இன்னொரு தோழர் வேறு பக்கத்திலிருந்து கேட்டார்: "நாமே உள்ள போகலன்னா நம்மள பத்தி அவங்கதான எழுதுவாங்க? பாபாசாகேப் கஷ்டப்பட்டுப் படிக்கலையா?" இந்தக் கேள்வி நியாயமானது. அதனால் பாபாசாகேப்பையே பார்ப்போம்.

1913இல் பரோடா மன்னரின் உதவித்தொகையில் கொலம்பியா போனார். மாசம் பதினொன்றரை பவுன், மூன்று வருஷத்துக்கு. தொகையும் காலமும் எழுதப்பட்டிருந்தன. பதிலுக்குப் பத்து வருஷம் பரோடாவில் பணி செய்ய வேண்டும் என்ற ஒப்பந்தமும் எழுதப்பட்டிருந்தது. 1916இல் லண்டன் பொருளாதாரப் பள்ளிக்குப் போனார். மேலும் ஒரு வருஷம் நீட்டிப்புக் கிடைத்தது. 1917இல் அதுவும் முடிந்தது. ஆய்வு முடியவில்லை.

ஆர்வம் இருந்தால் பணம் வேண்டாம் என்று அவர் லண்டனில் பட்டினி கிடக்கவில்லை. ஊர் திரும்பினார். ஆனால் சும்மா திரும்பவில்லை. நாலு வருஷத்துக்குள் வந்து படிப்பைத் தொடரலாம் என்று லண்டன் பல்கலைக்கழகத்திடம் அனுமதி வாங்கிக்கொண்டு திரும்பினார். கதவைச் சாத்தவில்லை, தாழ்ப்பாள் எந்தத் தேதி வரை திறந்திருக்கும் என்று கேட்டுக்கொண்டு வந்தார். பரோடாவில் தங்க இடம் கிடைக்காமல் அவமானப்பட்ட கதை உங்களுக்குத் தெரியும். பிறகு 1918இலிருந்து பம்பாய் சிடன்ஹாம் கல்லூரியில் பேராசிரியராக வேலை பார்த்துப் பணம் சேர்த்தார். நண்பர் நவல் பதேனாவிடம் கடன், கோலாப்பூர் சாகு மகாராஜாவின் உதவி, எல்லாம் சேர்த்து 1920இல் லண்டன் போனார். கெடுவுக்குள். 1923இல் டி.எஸ்சி. பெற்றார்.

ஆசிரியர்கள் அவரைக் கைவிட்டார்களா? லண்டன் ஆசிரியர் எட்வின் கேனன் 1923இல் வந்த ரூபாய் பற்றிய புத்தகத்துக்கு முன்னுரை எழுதினார், சில வாதங்களில் எனக்கு உடன்பாடில்லை என்று வெளிப்படையாகச் சொல்லிக்கொண்டே. கொலம்பியா ஆசிரியர் செலிக்மன் 1925இல் வந்த மாகாண நிதி பற்றிய புத்தகத்துக்கு முன்னுரை எழுதினார். பாதியில் போனவன் என்று யாரும் கணக்கு வைக்கவில்லை. ஏன் போகிறான், எப்போது வருவான் என்று தெரிந்திருந்தது, வந்தபோது வேலை தரமாக இருந்தது. ஆசிரியரின் மதிப்பு இதில்தான் நிற்கிறது. நம் குடும்பத்தைக் கடனில் தள்ளிக் காட்டும் விசுவாசத்தில் இல்லை.

எப்படிச் சொன்னேன்

வேண்டாம் என்று சொல்வதற்கு முன்னால் கேட்டேன். இது முக்கியம். கேட்காமல் மறுத்தால் அது சந்தேகம், கேட்டுவிட்டு மறுத்தால் அது முடிவு. நான் கேட்டவை ஐந்து. ஒப்புதல் ஆணை வந்துவிட்டதா, தேதி என்ன? முதல் தவணை நிறுவனத்தின் கணக்கில் ஏறிவிட்டதா? அதில் உதவியாளர் ஊதியத்துக்கு எத்தனை மாசத்துக்கான தொகை இருக்கிறது? தவணை தாமதமானால் நிறுவனம் தன் நிதியிலிருந்து சம்பளம் கொடுத்துப் பிறகு ஈடுகட்டிக்கொள்ளுமா? களப்பயணச் செலவு முன்பணமா, நான் போட்டுவிட்டு ரசீது கொடுத்து வாங்க வேண்டியதா?

சார் நேர்மையாகப் பதில் சொன்னார். ஆணை வந்திருக்கிறது, தவணை இன்னும் வரவில்லை. நிறுவனம் கைப்பணம் போடாது. "நானே ஆபீஸ்ல நாலு தடவ கேட்டுட்டேம்மா, அவங்க வாயே திறக்கல" என்றார். அப்போதுதான் புரிந்தது, என் கோபம் இவர் மேல் போகக்கூடாது. விதியை எழுதியவர் இவர் இல்லை. ஆனால் அந்த விதியின் பாரத்தை என் மேல் இறக்கி வைக்கும் கையாக இவரை ஆக்கி வைத்திருக்கிறார்கள்.

இரண்டு நாள் யோசித்துவிட்டு முதலில் போனில் சொன்னேன். எழுத்தில் மட்டும் அனுப்பினால் முகம் காட்டாமல் ஓடியதாக ஆகும். அன்றைக்கே கடிதமும் அனுப்பினேன். போனில் மட்டும் சொன்னால் நாளைக்கு "வரேன்னு சொன்னா, வரல" என்று வேறு யாராவது கதை கட்டலாம். பணியில் சேரும் தேதிக்கு மூன்று வாரம் முன்னாலேயே சொன்னேன், அடுத்தவரை அவர் கூப்பிட நேரம் இருக்க வேண்டும். கடிதம் இதுதான்:

"மதிப்பிற்குரிய சார்,

ஆய்வு உதவியாளர் பணிக்கு என்னை நினைத்ததற்கு நன்றி. யோசித்ததில், இப்போது இந்தப் பணியை ஏற்க முடியாத நிலையில் இருக்கிறேன். ஊதியத் தொகை உறுதியாகவில்லை, ஆறு மாதத்துக்கு மேல் நிதி உண்டா என்பதும் தெரியவில்லை. என் வருமானத்தை நம்பி வீடு இருப்பதால் அந்த இடைவெளியை என்னால் தாங்க முடியாது. காரணம் இது மட்டும்தான். ஆய்வுப் பொருளிலோ உங்களிடம் வேலை செய்வதிலோ எனக்குத் தயக்கம் இல்லை.

முதல் தவணை வந்து, குறைந்தது பன்னிரண்டு மாதத்துக்கு ஊதியம் எழுத்தில் உறுதியானால் எனக்குத் தெரிவியுங்கள். அப்போது இடம் இருந்தால் மகிழ்ச்சியோடு வருவேன். அதற்காக இடத்தை நிறுத்தி வைக்க வேண்டாம்.

இந்தப் பகுதி கிராமங்களில் களப்பணி தொடங்கும்போது எங்கே யாரைப் பார்க்கலாம் என்று சொல்ல ஒரு நாள் உங்களோடு வருகிறேன்."

சில விஷயங்களைக் கவனியுங்கள். உடம்பு சரியில்லை, கல்யாணம் என்று பொய்க் காரணம் சொல்லவில்லை. பொய் சொன்னால் நிதி தாமதம் என்ற பிரச்சினை எங்கேயும் பதிவாகாது. சார் நாளைக்கு அலுவலகத்தில் "இதனால்தான் ஆள் வரவில்லை" என்று காட்ட ஒரு தாள் வேண்டும், அதை நான் கொடுத்தேன். மன்னிப்புக் கேட்கவில்லை. எது மாறினால் வருவேன் என்பதை அளந்து சொன்னேன். உதவி என்று நான் சொன்னது ஒரு நாள். "எப்ப வேணா கூப்பிடுங்க சார்" என்று எழுதியிருந்தால் சம்பளமில்லாத உதவியாளராக ஆகியிருப்பேன். நம் பிள்ளைகள் நன்றிக்கடன் என்ற பெயரில் விழும் பள்ளம் அது. சேரிக்குள் அழைத்துப் போவது, மக்களிடம் பேசி நம்பிக்கை வாங்குவது எல்லாம் நம் வேலை, கட்டுரையில் பெயர் வேறொருவருடையது.

எல்லோரும் எல்லாவற்றையும் மறுக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. உங்கள் பெயரில் ஆணை வந்த ஃபெல்லோஷிப் இருந்தால் போங்கள். தவணை ஏறிவிட்ட திட்டமாக இருந்தால், ஆறு மாசமே ஆனாலும், அந்த ஆறு மாசம் உங்கள் கணக்கில் நிற்குமென்றால் போங்கள். வீட்டில் இன்னொரு சம்பளம் இருப்பவர்கள் என்னைவிடக் கொஞ்சம் துணிச்சலாகப் போகலாம்.

சார் மூன்று வாரம் பதில் போடவில்லை. எனக்கு வயிற்றைக் கலக்கியது, அதை மறைக்க மாட்டேன். பிறகு ஒரு வரி வந்தது: "புரிகிறது. நீ கேட்ட கேள்விகளை நிதிப் பிரிவுக்கு அனுப்பியிருக்கிறேன்." இரண்டு மாசம் கழித்துக் களப்பணியாளர்களுக்கு இரண்டு நாள் பயிற்சி கொடுக்கக் கூப்பிட்டார். மதிப்பூதியம், பஸ் செலவு இரண்டையும் முன்னாலேயே எழுதிக் கேட்டேன், எழுதித் தந்தார்.

அந்த உதவியாளர் இடத்தில் வேறொருவர் சேர்ந்திருந்தார். நல்ல பையன், உழைக்கிறான். சென்னையில் சொந்த வீடு. பயிற்சி முடிந்து டீ குடிக்கும்போது கேட்டேன், சம்பளம் வருதா தம்பி என்று. "இன்னும் இல்லக்கா, ஆனா பரவால்ல" என்றான்.

அந்த "பரவால்ல"வைச் சொல்ல முடிந்தவர்கள்தான் இந்த நாட்டில் பஞ்சமி நிலத்தைப் பற்றி ஆய்வு செய்ய முடிகிறது. அதனால் அடுத்த முறை உங்களுக்கு ஒரு பணி வந்தால், எவ்வளவு, எத்தனை மாசம், பணம் வந்தாச்சா என்று கேளுங்கள். பதிலை எழுத்தில் கேளுங்கள். நூறு பேர் எழுதிக் கேட்டால் நிதிப் பிரிவுக்கு அது நூறு தாள்.

ஜெய்பீம்.